தெருக்குழாயிலிருந்து மீட்டர் வரை: இரும்புக் குழாயா, கறுப்புக் குழாயா?

காலையில் மோட்டார் போட்டதும் முதல் ஒரு நிமிஷத்துக்குச் சாக்கடை நாற்றம். பிறகு நல்ல தண்ணீர். ரங்கூனில் பசுண்டாங் பக்கம் தரைத்தளத்தில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு மழைக்காலம் இப்படித்தான் ஓடியது. தொட்டியைக் கழுவினோம், வடிகட்டி மாற்றினோம், குழாய்முனையில் துணி கட்டினோம். கோளாறு வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருந்தது. கடைசியில் தெருவின் பெரிய குழாயான மெயினிலிருந்து மீட்டர் வரைக்குமான குழாயை மொத்தமாகத் தோண்டி மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது வந்த கேள்விதான் இது: பழையபடி துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாயே போடுவதா, இல்லை சுருளாக வரும் எச்.டி.பி.ஈ. என்ற கறுப்புப் பிளாஸ்டிக் குழாயா? நான் கறுப்பைப் போட்டேன். ஆறு வருஷம் ஆகிறது. அதனால் இதைப் படிக்கிறவர்கள் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று தெரிந்தே படியுங்கள்.

முதலில் இணைப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தெரு நடுவில் வார்ப்பிரும்பு மெயின். அதன் மேல்பக்கம் துளையிட்டு, மரை வெட்டி, ஒரு பித்தளை ஃபெரூலைத் திருகியிருப்பார்கள். மெயின் பிளாஸ்டிக்காக இருந்தால் நேராகத் துளையிடாமல், ரப்பர் வைத்த சேடில் என்ற பட்டை ஒன்றைக் கட்டி அதன்மேல் துளையிடுவார்கள். ஃபெரூலுக்குள்ளேயே ஒரு திருகு அடைப்பான் இருக்கும். சில ஊர்களில் இந்த இடத்தில் தனியாக ஒரு வால்வு வைத்து அதைக் கார்ப்பரேஷன் காக் என்பார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: மெயினில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் இணைப்பை மட்டும் அடைக்க. ஆனால் அது சாலைக்கு அடியில் கிடக்கிறது. அவசரத்துக்கு யாரும் அதைத் தொட முடியாது. அதனால்தான் வீட்டு ஓரம் மீட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டாப் காக். நாம் தினமும் கை வைக்கிற வால்வு அதுதான். ஃபெரூலுக்கும் ஸ்டாப் காக்குக்கும் நடுவில் கிடக்கும் துண்டுதான் நம் விவகாரம்.

கோளாறு அந்தத் துண்டில்தான் என்று எப்படித் தெரிந்தது? எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முகப்பில் ஓடும் சின்னச் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தோம். அசையவில்லை. ஆக மீட்டருக்குப் பிறகு ஒழுக்கு கிடையாது. அடுத்து மோட்டாரை ஒருநாள் முழுக்க நிறுத்திவிட்டு, தெருவிலிருந்து தானாக வருகிற தண்ணீரை மட்டும் வெள்ளை எனாமல் கோப்பையில் பிடித்தோம். சுத்தமாக இருந்தது. மோட்டார் போட்டுப் பிடித்தால் கலங்கல், நாற்றம். அதோடு, மழை இல்லாத நாளிலும் வீட்டு முன் சாக்கடையில் தெளிந்த நீர் கசிந்து ஓடியதை அப்போதுதான் கவனித்தேன். மெயினில் அழுத்தம் இருக்கும்போது ஓட்டை வழியாக நம் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. மோட்டார் இழுக்கும்போது அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வருகிறது. நம் ஊரில் நாங்களும் மேல்மாடிக்காரர்களும் நேராக லைனிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறோம். முறையல்லதான், ஆனாலும் தெருவுக்குப் பத்து வீட்டில் அதுதான் நடப்பு.

பி.வி.சி.யை ஒரே வரியில் தள்ளிவிடுகிறேன். ஒட்டுகிற இடம் நிறைய, வண்டி ஏறினால் உடையும், சாலைக்கு அடியில் வேண்டாம்.

இரும்புக் குழாய்க்குச் சொல்ல நல்லது இருக்கிறது. கடப்பாரை பட்டாலும் தாங்கும். எலி கடிக்காது. எந்தப் பிளம்பருக்கும் கை பழகிய வேலை. எங்கள் பிளம்பர் ஸயா ஆரம்பத்தில் அதைத்தான் போடச் சொன்னார். "இரும்புதான் அண்ணே இரும்பு" என்று ஒரு நாள் முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய குழாயை வெட்டியெடுத்த பிறகு அவர் பேச்சு குறைந்தது.

எங்கள் பழைய ஓட்டம் முப்பத்தெட்டு அடி. இரும்புக் குழாய் இருபது அடி நீளத்தில்தான் வரும். வளைவுகள் வேறு. மூன்று எல்போ, ஒரு சாக்கெட், ஒரு யூனியன் என்று எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் மரை, இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று, ஆகப் பன்னிரண்டு மரை இணைப்பு. இதுதான் நான் இந்த அலசலில் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம். துத்தநாகப் பூச்சு குழாயின் மேல் இருக்கிறது. மரை வெட்டும்போது அந்தப் பூச்சு போய்விடுகிறது, சுவரும் அங்கேயே கிட்டத்தட்டப் பாதியாக மெல்லியதாகிறது. பூச்சில்லாத, மெல்லிய இரும்பு, அதுவும் ஈர மண்ணில். குழாய் நடுவில் நன்றாக இருந்து முனையில் அரித்துப் போவதற்குக் காரணம் இதுதான். எங்களுக்கும் அப்படியே. சாக்கடைக்கு அடியில் இருந்த எல்போவின் மரை ஓரத்தில் ஊசி நுழையும் ஓட்டைகள் நாலைந்து. ஃபெரூலை ஒட்டியிருந்த துண்டு இன்னும் மோசம்: பித்தளையும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரும்புதான் முதலில் கரையும். உள்ளேயோ, முக்கால் அங்குலக் குழாயில் துரு முடிச்சுமுடிச்சாக வளர்ந்து, பென்சில் நுழையாத அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

கறுப்புக் குழாயில் இந்தப் பன்னிரண்டு, இரண்டாகிறது. சுருளிலிருந்து ஒரே நீளமாக அறுத்து, ஃபெரூலில் ஓர் இணைப்பு, ஸ்டாப் காக்கில் ஓர் இணைப்பு. நடுவில் எதுவுமில்லை. எல்போவுக்குப் பதில் குழாயையே வளைத்துக்கொள்ளலாம், விட்டத்தைப் போல இருபத்தைந்து மடங்குக்குக் குறையாத ஆரமுள்ள வட்டத்தில். இருபத்தைந்து மில்லிமீட்டர் குழாய்க்கு அது ஏறக்குறைய இரண்டு அடி. அதைவிட இறுக்கினால் மடிந்துவிடும். துருவும் இல்லை. அழுத்தம் இருக்கும் ஊரில் ஓர் இணைப்பு ஒழுகினால் தண்ணீர் நஷ்டம், அவ்வளவுதான். உறிஞ்சுகிற ஊரில் ஒவ்வொரு இணைப்பும் சாக்கடைக்கு ஒரு வாசல். அதனால்தான் மற்ற எல்லாவற்றையும்விட இணைப்பின் எண்ணிக்கையை வைத்தே நான் தீர்மானித்தேன்.

வாங்கும்போது இரண்டு ஏமாற்றம் உண்டு. ஒன்று, இரும்புக் குழாய்க்கு அங்குலம் உள்ளளவை ஒட்டியது, கறுப்புக்கு மில்லிமீட்டர் வெளியளவு. முக்கால் அங்குலத்துக்கு ஈடு இருபது அல்ல, இருபத்தைந்து. இருபதில் வாங்கினால் அரை அங்குலம் போலத்தான் கிடைக்கும். இன்னொன்று, சுவர். மேலே அழுத்தத் தரமாக PN16, சுவர்த் தடிமனுக்கான தரமாக SDR11 என்று அச்சடித்ததைத் தேடி வாங்குங்கள். மெல்லிய மலிவுக் குழாய் விவசாயத்துக்குப் போதும், மோட்டார் இழுத்தால் தட்டையாகிவிடக்கூடும்.

பொருத்துவதில் பிசகக் கூடியது இணைப்பு முனைதான். குழாயைச் சதுரமாக வெட்டி, விளிம்பை லேசாகச் சரித்துச் சீவி, எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று அளந்து மார்க்கரில் கோடு போட்ட பிறகே தள்ளவேண்டும். கோடு வெளியே தெரிந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டவில்லை என்று பொருள். சீவாமல் தள்ளினால் கூர்விளிம்பு வளையத்தைக் கீறிவிடும். அன்றைக்கு ஒழுகாது, பிறகு ஒழுகும். ஃபெரூல் பக்கம் பிளாஸ்டிக் மரை வேண்டாம், பித்தளை மரையுள்ளதாக வாங்குங்கள். குழாயை இறுக்கி இழுத்துப் போடாதீர்கள், பாம்பு நெளிவு போல் கொஞ்சம் தளர்வாகப் போடவேண்டும். குளிர்ந்தால் சுருங்கி இணைப்பை இழுக்கும். மெயின் அமிழ்ந்தாலும் தாங்குவதற்கு ஃபெரூலுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு கட்டாயம். சாக்கடைக்குக் குறுக்கே போகவேண்டியிருந்ததால், அந்த இடத்தில் ஒரு பெரிய குழாய்க்குள் இதை நுழைத்து விட்டோம்.

எங்கள் வேலை முடிந்த அன்று வேறு கூத்து. மண்ணை மூடியாயிற்று, ஃபெரூலைத் திறந்தாயிற்று, ஆனால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கறுப்புக் குழாய் எங்கோ மடிந்துவிட்டது என்று என் மைத்துனர் மறுபடி தோண்டக் கிளம்பினார். ஸயா ஸ்டாப் காக்கைத் துடைத்து, மேலே பொறித்த அம்புக்குறியைப் பார்த்தார். தலைகீழாக மாட்டியிருந்தது. பழைய மாதிரி திருகு ஸ்டாப் காக்கில் உள்ளே தளர்வான ஒரு வட்டு இருக்கும், தண்ணீர் சரியான பக்கத்திலிருந்து வந்தால் அதைத் தூக்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் அமுக்கி அடைத்துவிடும். திருப்பி மாட்டினார், தண்ணீர் வந்தது. நான் இன்னும் அந்த மாதிரியைத்தான் வைத்திருக்கிறேன், கால்சுற்றில் மூடும் பந்து வால்வு அல்ல. மீட்டருக்கு முன் அது பின்னோட்டத்தையும் கொஞ்சம் தடுக்கிறது.

கறுப்புக் குழாய்க்கு ஒரு குறை, அதை மறைக்க மாட்டேன். பெட்ரோல் கசிந்த மண்ணில் போடக்கூடாது. ஓட்டை இல்லாமலே, குழாய்ச் சுவர் வழியே அதன் ஆவி உள்ளே ஊறித் தண்ணீரில் மணக்கும். தெருவோரத்தில் ஜெனரேட்டர் வைத்துப் பெட்ரோல் ஊற்றிச் சிந்துகிற கடைகள் நம் ஊரில் குறைவா என்ன? அப்படி ஓர் இடத்தில் கடந்து போகவேண்டுமென்றால் நான் இரும்பையே போடுவேன், மரை முனைகளுக்கு நாடா சுற்றி. கடப்பாரை விஷயத்திலும் இரும்புதான் மேல். அடுத்த வீட்டு வேலைக்காரர் அறியாமல் குத்தினால் கறுப்பு போய்விடும். அதற்காக மேலே ஒரு வரிசை செங்கல் அடுக்கியிருக்கிறேன். இதுவரை யாரும் குத்தவில்லை, ஆனால் ஆறு வருஷத்தை வைத்து நாற்பது வருஷத்துக்குச் சத்தியம் செய்ய முடியாது.

விலையைப் பொறுத்தவரை நீளத்துக்குக் கறுப்பு மலிவு, பித்தளை இணைப்புகள்தான் காசு பிடிக்கும். தோண்டுகிற கூலிக்கு முன்னால் இரண்டுமே சின்னத் தொகை.

உண்மையான மருந்து தரைத்தொட்டி: தெருத் தண்ணீர் மிதவை வால்வு வழியாகத் தானாக அதில் நிறையவேண்டும், மோட்டார் தொட்டியிலிருந்து மட்டும் இழுக்கவேண்டும். அப்படிச் செய்தால் உங்கள் மோட்டார் லைனை உறிஞ்சுவதே இல்லை, இந்த அலசலில் பாதி அர்த்தமிழந்துவிடும். எங்கள் தரைத்தளத்தில் அதற்கு இடமில்லை. இருந்தால் குழாய்க்கு முன் அதைத்தான் கட்டியிருப்பேன்.