ஒரு கொசு, நான்கு கட்டங்கள், இரண்டு பிரதிகள்

நள்ளிரவில் ஒரு மனிதர் ஒற்றைக் கொசுவிடம் தோற்கிறார். இதை நான்கு கட்டங்களுக்குள் படக்கதையாக்க இரண்டு பிரதிகள் எழுதினேன். முதல் கட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்: இருட்டறை, லுங்கியும் பனியனுமாகக் கட்டிலில் ஒருவர், சுவர்க் கடிகாரத்தில் 12:10, காதருகே சிறிய எழுத்தில் "ஙொய்ங்". கொசு காதைத் தேடி வருவது வெறும் கற்பனை இல்லை. நாம் விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயு அதைத் தலைப்பக்கம் இழுக்கிறது. கடிப்பது பெண் கொசு மட்டுமே என்பதால் வசனத்தில் "வந்துவிட்டாள்" என்று எழுதினாலும் தவறாகாது.

முதல் பிரதி ஆயுதங்களை நம்புகிறது.

கட்டம் 2: தலையணையை வீசுகிறார், சுவரில் மாட்டிய படம் சரிகிறது.
கட்டம் 3: கொசு பேட்டைச் சுழற்றுகிறார், தண்ணீர்ச் சொம்பு கவிழ்கிறது.
கட்டம் 4: அறை முழுவதும் அலங்கோலம், நடுவில் அவர், மூக்கின் நுனியில் கொசு.

இரண்டாவது பிரதி நம்பிக்கையை ஊட்டிவிட்டுப் பறிக்கிறது.

கட்டம் 2: விளக்கு எரிகிறது. பேட்டுடன் கட்டில்மேல் நிற்கிறார். கடிகாரம் 1:25. ஒலியே இல்லை.
கட்டம் 3: முகம் மிக நெருக்கத்தில். இரு உள்ளங்கைகளும் இறுக மூடியிருக்கின்றன. "பட்!" முகமெல்லாம் மலர்ச்சி. 2:40.
கட்டம் 4: மீண்டும் இருட்டு. திறந்த இரண்டு கண்கள். 2:41. "ஙொய்ங்".

முதல் பிரதியின் பலம், ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்க ஏதோ ஒன்று இருப்பது. சிறுவர் பக்கத்துக்கு இதைத்தான் கொடுப்பேன். கவிழ்ந்த சொம்பையும் சரிந்த படத்தையும் குழந்தைகள் விரல் வைத்துத் தேடுவார்கள். ஆனால் ஒரு குறை உறுத்துகிறது. நான்கு கட்டங்களும் ஒரே வரிசையில் அச்சாகும்போது, வாசகர் முதல் கட்டத்தைப் படிக்கும்போதே அவர் ஓரக்கண்ணில் நான்காவது விழுந்துவிடுகிறது. அங்கே அலங்கோலமான அறை இருந்தால் முடிவு அப்போதே தெரிந்துவிடும். கைபேசியில் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போது இந்தக் குறை பெரிதும் மறைகிறது. மறையாத குறை ஒன்றும் உண்டு: அவரைத் தோற்கடிப்பது அவருடைய பதற்றம்தான். கொசு கடைசியில் வந்து உட்காருவதோடு சரி.

இரண்டாவதில் நான்காம் கட்டம் ஏறக்குறைய முதல் கட்டமே. ஓரக்கண்ணில் பட்டாலும் இருட்டைத் தவிர எதுவும் தெரியாது. ஜப்பானின் நான்கு கட்டப் படக்கதை மரபில் தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்று ஒரு வரிசை சொல்வார்கள், மூன்றாவது இடம் திருப்பத்துக்கு. இங்கே திருப்பம் அவருடைய வெற்றிதான். வெற்றி உண்மையாகத் தெரிந்தால்தான் தோல்வி வலிக்கும்.

இந்த மூன்றாவது கட்டத்தில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. முதலில் பேட்டில் நீலப் பொறி பறப்பதாக எழுதியிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பொறி பறந்தால் கொசு செத்துவிட்டது என்று பொருள். அப்படியானால் நான்காம் கட்டத்தில் பாடுவது இன்னொரு கொசு. "ஒரே கொசு" என்ற கதையே உடைந்துபோகிறது. உள்ளங்கையில் இரத்தத் துளி காட்டினாலும் இதே சிக்கல். அதனால்தான் கைகளை மூடியபடி விட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. இருவரும் ஒன்றாக நம்புகிறார்கள். "ஒழிந்தது!" என்று அவர் வாயில் ஒரு வசனம் வைத்திருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன். மலர்ந்த முகத்துக்குமேல் சொல் தேவைப்படவில்லை.

கட்டம் 2-இல் ஒலியை நிறுத்தியதும் காரணத்தோடுதான். விளக்கைப் போட்டவுடன் சத்தம் அடங்கிவிடுவதை எல்லோரும் அனுபவித்திருப்பார்கள். கொசு எங்கோ சுவரிலோ கட்டிலுக்கு அடியிலோ உட்கார்ந்துவிடும். ஓவியர் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியாகக்கூடக் கொசுவை வரையக்கூடாது. வரைந்தால் வாசகர் அதைப் பார்த்துவிடுவார், அவர் தேடுவது வீண் என்று முன்கூட்டியே புரிந்துவிடும்.

கொசுவையே பேசவைக்கும் மூன்றாவது யோசனையும் இருந்தது. கொசு வாயைத் திறந்ததும் எரிச்சல் போய் நட்பு வந்துவிடுகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

வார இதழின் கடைசிப் பக்கத்துக்கு இரண்டாவதைத்தான் அனுப்புகிறேன். ஓவியருக்கு ஒரே ஒரு குறிப்பு: நான்காம் கட்டத்தின் "ஙொய்ங்" முதல் கட்டத்தில் இருந்த அதே காதருகே, அதே அளவில் இருக்கட்டும். பெரிதாக்க வேண்டாம்.