ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் பி: தடுப்பூசியும் நோய்த்தடமும் ரத்தத்தில் எப்படித் தெரிகின்றன?

ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் பி ஆகிய இரண்டும் கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. ஆனால் ஒருவர் பாதுகாப்புப் பெற்றிருக்கிறாரா என்பதை ரத்தப் பரிசோதனை அறிக்கையில் தேடும்போது இரண்டும் முற்றிலும் வெவ்வேறு விதமாகப் பேசுகின்றன. பி வகையில், உடலில் உள்ள எதிர்ப்புப்பொருள் தடுப்பூசியால் வந்ததா, நோய் வந்து போனதால் உண்டானதா என்பதைப் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். ஏ வகையில் அப்படிச் சொல்ல முடிவதில்லை. தடுப்பூசிகள் எதைக் கொண்டு தயாரிக்கப்படுகின்றன என்பதிலேயே இதற்கான காரணம் அடங்கியிருக்கிறது.

ஏ வகைக்குப் பரவலாகப் போடப்படும் ஊசியில் இருப்பது, வளர்த்தெடுத்துச் செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸ். நோயின்போது உடல் எந்தப் புறவுறையைப் பார்க்கிறதோ, அதே புறவுறையைத்தான் ஊசியிலும் பார்க்கிறது. ஆகவே இரண்டு வழியிலும் ஒரே வகை எதிர்ப்புப்பொருளே உருவாகிறது. பி வகை ஊசியில் முழு வைரஸ் கிடையாது. அதன் மேலுறைப் புரதம் ஒன்றை மட்டும் ஈஸ்ட் போன்ற உயிரணுக்களில் உற்பத்தி செய்து, சுத்திகரித்துக் கொடுக்கிறார்கள். வைரஸின் மரபணுப்பொருளைச் சூழ்ந்திருக்கும் உள்ளுறைப் புரதம் ஊசியில் இல்லை என்பதால், அதற்கு எதிரான எதிர்ப்புப்பொருள் ஊசி போட்டவருக்கு உண்டாகாது. உள்ளுறைக்கான எதிர்ப்புப்பொருள் ஒருவரிடம் உண்மையாகவே இருந்தால், அவர் உடலுக்குள் அந்த வைரஸ் எப்போதோ நுழைந்திருக்கிறது என்று பொருள்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பி வகை அறிக்கையின் மூன்று வரிகளும் தெளிவாகிவிடும். எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதமே. அது ரியாக்டிவ் என்று வந்தால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அது ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட தொற்று. ஆன்டி-எச்பிஎஸ் என்பது அந்த மேலுறைக்கு எதிராக உடல் உருவாக்கிய பாதுகாப்பு. ஊசியாலும் வரும், நோயிலிருந்து மீண்டதாலும் வரும். ஆன்டி-எச்பிசி என்பது உள்ளுறைக்கு எதிரானது. நோயால் மட்டுமே வரும். பலர் முதல் வரியை மட்டும் சோதித்துவிட்டு, நெகட்டிவ் என்று வந்ததும் தமக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த வரி நோய் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மருத்துவமனையில் பணிக்குச் சேரவிருக்கும் 24 வயதுப் பெண் ஒருவர், குழந்தைப் பருவத்தில் பி வகைக்கு மூன்று தவணையும் போட்டுக்கொண்டதற்கான பதிவுடன் வருகிறார். அறிக்கையில் எச்பிஎஸ்ஏஜி நான்-ரியாக்டிவ், ஆன்டி-எச்பிசி நான்-ரியாக்டிவ், ஆன்டி-எச்பிஎஸ் அளவு 6 என்று இருக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு என்பதே பாதுகாப்புக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை; எனவே இவருக்குப் பாதுகாப்பு இல்லை என்று அறிக்கையில் அச்சாகியிருக்கும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. 10 என்ற எல்லை, கடைசித் தவணைக்குப் பின் ஒன்று முதல் இரண்டு மாதங்களுக்குள் எடுக்கும் ரத்தத்தை வைத்து வகுக்கப்பட்டது. இவரோ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் எதிர்ப்புப்பொருளின் அளவு இறங்குவது இயல்பு. நோய் எதிர்ப்பு நினைவு உயிரணுக்கள் அப்போதும் பெரும்பாலும் விழித்தேயிருக்கும். இவர் ரத்தத்தோடு பழகும் பணிக்குப் போகிறவர் என்பதால், அந்த நினைவு உண்மையில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஒரே ஒரு தவணை ஊசி போட்டு, ஒன்று முதல் இரண்டு மாதங்களில் மறுபடி அளக்கிறார்கள். அளவு 10-க்கு மேல் ஏறிவிட்டால், நினைவு இருந்தது என்பது தெளிவு. ஏறாவிட்டால் இன்னும் இரண்டு தவணைகளை முடித்துவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும்.

இதே 6 என்ற எண், ஆன்டி-எச்பிசி ரியாக்டிவ் என்ற வரியோடு சேர்ந்து வேறொருவரின் அறிக்கையில் வந்தால் கதை மாறிவிடுகிறது. அவருக்கு எப்போதோ தொற்று வந்து போயிருக்கலாம். ஆன்டி-எச்பிஎஸ் காலப்போக்கில் தேய்ந்திருக்கலாம். எச்பிஎஸ்ஏஜி மறைந்து ஆன்டி-எச்பிஎஸ் இன்னும் தலைகாட்டாத இடைக்காலமாகவும் இருக்கலாம். சோதனையின் பிழையாகவும் இருக்கலாம். வைரஸ் மிகக் குறைந்த அளவில் கல்லீரலில் பதுங்கியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், தேவைப்பட்டால் வைரஸின் டிஎன்ஏவை அளந்து பார்க்கிறார்கள். இத்தகையவர் பின்னாளில் புற்றுநோய் மருந்தோ, எதிர்ப்புச் சக்தியை வலுவாக அடக்கும் மருந்தோ எடுத்துக்கொள்ளும்போது, அடங்கியிருந்த வைரஸ் திரும்பவும் கிளம்பக்கூடும். ஆகவே இந்த வரியை அவர் தம் மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏ வகைக்கு இவ்வளவு அலசல் தேவைப்படுவதில்லை. இந்த நோய் நாள்பட்டதாக மாறுவதில்லை என்பதால், வைரஸ் தங்கியிருக்கிறதா என்ற கேள்வியே எழுவதில்லை. ஐஜிஎம் வகை எதிர்ப்புப்பொருள் அண்மைத் தொற்றைக் காட்டுகிறது. மொத்த எதிர்ப்புப்பொருள் ரியாக்டிவ் ஆக இருந்து ஐஜிஎம் இல்லாவிட்டால், நோயாலோ ஊசியாலோ அவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. இரண்டில் எதனால் என்று அறிக்கை சொல்லாது; அதனால் நடைமுறையில் எந்த இழப்பும் இல்லை. ஆனால் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ இல்லாதவருக்கு ஐஜிஎம் சோதிப்பது தவறான பாதைக்கு இழுத்துச் செல்லும். ஊசி போட்ட சில வாரங்களுக்குள்கூட அது ரியாக்டிவ் ஆகக்கூடும்; நோயே இல்லாமல் பொய்யாகவும் தோன்றும்.

ஊசிக்குப் பிந்திய சோதனையிலும் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. ஏ வகை ஊசி போட்ட பிறகு பாதுகாப்பை அளந்து பார்க்கப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் அது பலனளிக்கிறது. ஊசியால் வரும் அளவு, நோயால் வருவதைவிடக் குறைவு என்பதால், ஆய்வகச் சோதனை அதைப் பிடிக்கத் தவறி, பாதுகாப்பு உள்ளவரையே இல்லாதவராகக் காட்டிவிடவும் கூடும். பி வகையிலும் ஆரோக்கியமான பொதுமக்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. ஆனால் மருத்துவப் பணியாளர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தொற்றுள்ளவரின் வாழ்க்கைத்துணை, தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை ஆகியோருக்குக் கட்டாயம் வேண்டும்.

கடைசியாகச் சொன்ன குழந்தையின் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிறந்தவுடன் தடுப்பூசியின் முதல் தவணையும் ஆயத்த எதிர்ப்புப்பொருளான இம்யூனோகுளோபுலினும் போட்டு, மற்றத் தவணைகளை முடித்த குழந்தையை 9 முதல் 12 மாத வயதில் சோதிக்கும்போது எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ் இரண்டை மட்டுமே பார்க்க வேண்டும். முன்னதாகச் சோதித்தால், கொடுத்த இம்யூனோகுளோபுலினே ஆன்டி-எச்பிஎஸ் போலத் தெரியும். தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் சோதித்தால், ஊசியிலுள்ள மேலுறைப் புரதமே எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ் என்று காட்டிப் பெற்றோரைக் கலங்கடிக்கும். ஆன்டி-எச்பிசி தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்து, குழந்தைக்கு ஒரு வயது கடந்தும் ரத்தத்தில் இருக்கலாம். பெரியவர்களிடம் நோயின் தடத்தை நம்பகமாகச் சொல்லும் அதே வரி, இந்தக் குழந்தையிடம் தாயின் நோயைத்தான் சொல்கிறது.