மேலே எறிந்த பந்தும் மூன்று வகைக் கேள்விகளும்

திருகோணமலைக் கடற்கரையில் ஒருவர் பந்தொன்றை நிலைக்குத்தாக மேலே எறிகிறார். வளித்தடையை விட்டுவிடுவோம். உயர்தர மாணவருக்கு இதை மூன்று விதமாகப் பல்தேர்வு வினாவாக்கலாம்.

முதலாவது கணிப்பு வினா: 20 m s⁻¹ உடன் எறிந்தால், g = 10 m s⁻² எனக்கொண்டு, 1 செக்கனின் பின் வேகம் என்ன? விடை 10. பிழையான தெரிவுகளாக 30 (குறி பிழைத்தவர்), 15 (இடப்பெயர்ச்சிச் சமன்பாட்டைப் போட்டவர்), 5 (½gt² ஐ மட்டும் கண்டவர்) என வைக்கலாம். பரீட்சைப் பயிற்சிக்கு நல்ல வினாதான். ஆனால் v = u − gt ஐ மனனம் செய்தவரும் 10 ஐத்தான் தெரிவார்; பந்தை மேலே தள்ளுவது எது என்று அவர் நினைக்கிறார் என்பது தெரியவராது.

இரண்டாவதில் எண்ணே இல்லை. கையை விட்ட பந்து மேலேறும்போது அதில் தாக்கும் விசைகள் எவை?

1. கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை
2. புவியீர்ப்பும், குறைந்துகொண்டு போகும் மேல்நோக்கிய விசையும்
3. புவியீர்ப்பும், மாறாத மேல்நோக்கிய விசையும்
4. மேல்நோக்கிய விசை, உச்சிக்குப் பிறகுதான் புவியீர்ப்பு

சரியான விடை 1. பிழையான மற்ற மூன்றும் ஆசிரியர் கற்பனையில் பிறக்கக்கூடாது. முதலில் தெரிவுகளின்றிக் கேட்டு, முப்பது நாற்பது விடைகளை வாங்கி, ஒரே நியாயத்தைச் சொல்பவற்றை ஒன்றாக்கி, மாணவரின் சொற்களிலேயே எழுத வேண்டும். 'மட்டும்' என்ற சொல்லைச் சரியான விடையில் வைத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். 4 இல் ஒரு குறை உண்டு: அதில் இரண்டு நம்பிக்கைகள் ஒட்டியிருப்பதால் மாணவர் எதற்காகத் தெரிந்தார் என்று பிரிக்க முடியாது.

2 ஐத் தெரிந்தவரிடமும் அவசரப்படக்கூடாது. தமிழில் 'விசையாகப் போகிறது' என்றால் வேகமாகப் போகிறது என்றுதான் பொருள். பௌதிகவியலில் பிழைத்தாரா, சொல்லில் பிழைத்தாரா?

அதற்குத்தான் மூன்றாவது: அதே வினாவின் கீழ் காரணத்தையும் தெரிவுகளாகக் கேட்கும் ஈரடுக்கு வினா. 2 அல்லது 3 ஐத் தெரிந்தவருக்கு, "மேல்நோக்கிய விசை எங்கிருந்து வருகிறது?" என்பதன் கீழ் 'கை கொடுத்தது பந்துக்குள் மிஞ்சியிருக்கிறது', 'இயங்கும் பொருளில் இயக்கத் திசையில் விசை இருந்தே ஆகவேண்டும்', 'பந்தின் வேகத்தையே விசை என்றேன்' ஆகியவை வரலாம். முதல் இரண்டுக்கும் நியூற்றனின் முதலாம் விதியிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியானவருக்கு விசையையும் வேகத்தையும் தனித்தனி அம்புக்குறிகளால் வரையச் சொன்னாலே பெரும்பாலும் போதும்.

ஈரடுக்கின் விலை நேரம்: ஒரு பாடவேளையில் கேட்கக்கூடிய வினாக்கள் ஏறத்தாழப் பாதியாகும். எனவே அலகின் தொடக்கத்தில் இரண்டாவது வகையில் நாலைந்து கேட்டு, ஒரே பிழையில் பலர் குவியும் வினாவுக்கு மட்டும் காரண அடுக்கைச் சேர்ப்பதே எமது தெரிவு. ஒரு தெரிவை வைத்து எவரையும் தீர்மானிக்க வேண்டாம். நான்கு தெரிவுகளில் கண்ணை மூடித் தொட்டாலும் 2 விழ நாலில் ஒரு வாய்ப்புண்டு. அதே நம்பிக்கையை, சுண்டிய நாணயத்தையோ உதைத்த பந்தையோ வைத்து மீண்டும் கேளுங்கள். இரண்டிலும் குருட்டாம்போக்கில் அந்த நம்பிக்கைக்குரிய தெரிவே அமைய வாய்ப்பு பதினாறில் ஒன்றுதான்.