சொதிக்குப் பீன்ஸ்: பச்சை நிறமும் சத்தும் ஒன்றல்ல

சொதிக்குப் போடும் பீன்ஸையும் பட்டாணியையும் குக்கர், இட்லிக் கொப்பரை, திறந்த பாத்திரம் என்று மூன்று விதமாகவும் பாளையங்கோட்டை வீட்டில் பல வருஷமாக வேகவைத்து வருகிறேன். நிறத்துக்கு ஒன்று நல்லது, சத்துக்கு இன்னொன்று நல்லது.

நிறத்துக்குத் திறந்த பாத்திரம்தான். கால் கிலோ பீன்ஸுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டால், முதல் நிமிஷத்திலேயே பச்சை பளிச்சென்று ஏறும். காய்க்குள் இருக்கும் காற்று வெளியேறுவதால் அப்படி. அப்புறம்தான் வில்லங்கம். வேக வேகக் காயிலுள்ள அமிலம் கசிந்து, பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தைத் தள்ளிவிடும், நிறம் காக்கியாகும். மூடி போடாவிட்டால் அந்த அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், மிச்சமும் நிறையத் தண்ணீரில் நீர்த்துப்போகும். நாலைந்து நிமிஷத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நறுக்கென்று இருந்தால் உடனே வடித்துப் பச்சைத் தண்ணீரில் அலசிவிடலாம். ஏழு நிமிஷம் தாண்டினால் மங்கத் தொடங்கும்.

ஆனால் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் தண்ணீரில் கரைபவை. வடித்துக் கொட்டும் தண்ணீரோடு அவையும் சாக்கடைக்குப் போகும். அதனால் தினசரிப் பொரியலுக்கு நான் இட்லிக் கொப்பரையில்தான் அவிக்கிறேன். காய் தண்ணீரில் முங்குவதில்லை, இழப்பு குறைவு. முதல் இரண்டு நிமிஷத்தில் ஒரு தடவை மூடியைத் திறந்து ஆவியை விட்டால் நிறமும் ஓரளவு நிற்கும். குக்கரில் நிறம் அறவே போகும். அதற்காகச் சத்தெல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். கொஞ்சத் தண்ணீரில் சீக்கிரம் வெந்து, அந்தத் தண்ணீரையும் குழம்பில் சேர்த்தால் கரைந்தது நம்மிடமே இருக்கும். கரோட்டின் எந்த முறையிலும் தண்ணீரில் கரையாது.

சில கல்யாண வீடுகளில் தவசிப்பிள்ளை ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டுவிடுவார். மறுவீட்டுச் சொதியில் பீன்ஸ் கிளிப்பச்சையாக மின்னும். எனக்கு அது பிடிக்காது. சோடா அமிலத்தை முறித்து நிறத்தைக் காக்கும், சரி. ஆனால் வைட்டமின் சியையும் தயாமினையும் அழிக்கும், காயையும் கொழகொழப்பாக்கும். விரலால் அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் சோடா போட்டிருக்கலாம்.

எலுமிச்சைச் சாறு இதற்கு நேர் எதிர். வைட்டமின் சிக்கு அமிலம் பாதுகாப்பு, நிறத்துக்கோ எமன். எப்படியும் சொதியை இறக்கி, சூடு தணிந்த பிறகுதான் பிழிவோம். நான் பந்திக்கு எடுக்கும் அளவில் மட்டும் பிழிகிறேன். ராத்திரிக்கு வேண்டியதைச் சாறு சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்தால், மறுபடி சூடாக்கும்போதும் பீன்ஸ் அவ்வளவாக மங்குவதில்லை.