தாளே சிக்காமல் ‘Paper Jam’ வருகிறதா? ‘ஃப்யூசர் போச்சு’ என்கிறவரை நம்பாதீர்கள்

டெல்லி மயூர் விஹார் பக்கம் இருக்கும் நம்மாட்கள், அதிலும் வீட்டில் லேசர் பிரிண்டர் வைத்துக்கொண்டு டியூஷன், டைப்பிங் என்று ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். பிரிண்டருக்குள் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை, ஆனால் திரையில் ‘Paper Jam’ என்றே நிற்கிறது என்றால், பெரும்பாலும் அது சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. என்னிடம் அதற்கு 5,800 ரூபாய் வாங்கினார்கள், அப்புறம் பார்த்தால் உள்ளே தூசிகூடத் துடைக்கப்படவில்லை.

நான் டியூஷன் எடுக்கிறேன், பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடிப்பது எல்லாம் இந்தக் கறுப்பு வெள்ளை லேசரில்தான். மே மாதப் புழுதிக்காற்று ஓய்ந்த சமயம், பிரிண்ட் கொடுத்தால் உர்ரென்று ஒரு சத்தம், உடனே அந்தச் செய்தி. பின்மூடியைத் திறந்தேன், டோனரை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கேயும் தாள் இல்லை. இணையத்தில் கம்பெனி சர்வீஸ் என்று முதலில் வந்த எண்ணுக்கு அழைத்தேன். வந்தவர் முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை என்று பார்க்க நன்றாகத்தான் இருந்தார். ஒரே ஒரு முறை ஆன் செய்து பார்த்துவிட்டு, மூடியைக்கூடத் திறக்காமல், “மேடம், ஃப்யூசர் போய்விட்டது, சென்சார் கார்டும் போகப் போகிறது” என்று இந்தியில் சொல்லி, ஒர்க்‌ஷாப்புக்கு என்று தூக்கிக்கொண்டு போனார். ஃப்யூசர் என்பது டோனர் தூளைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டவைக்கும் பாகம். திரும்பக் கொண்டுவந்து என் முன்னால் இரண்டு பக்கம் அடித்துக் காட்டினார், சரியாக வந்தது. பணம் வாங்கினார், பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரே வரி. அந்த வாரமே பழைய கதை. போன் செய்தால் “இப்போது லாஜிக் கார்டு, அதற்குத் தனி” என்கிறார்கள். சண்டை போட்டதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

எங்கள் கீழ்வீட்டு மாமியின் மருமகன் சேலத்துக்காரர், நேரு பிளேஸில் பிரிண்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். உட்காரும்முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, ஆன் பண்ணின உடனே வருதா, இல்ல பிரிண்ட் கொடுத்த அப்புறம் வருதா?” என்பது. முன்னே வந்தவர் இதைக் கேட்கவே இல்லை. ஆனால் பாதி விடை இதில்தான் இருக்கிறது.

பிரிண்டருக்குத் தாள் சிக்கியிருப்பதைப் பார்க்கும் கண் ஒன்றும் கிடையாது. தாள் போகும் வழியில் இரண்டு மூன்று இடங்களில் சின்னக் கறுப்பு பிளாஸ்டிக் லீவர் தொங்கும். தாள் வந்து தட்டினால் அது சாயும். அதன் மறுமுனை, ‘ப’ வடிவத்தில் இருக்கிற ஒரு குட்டி சென்சாரின் நடுவில் நிற்கும், அல்லது விலகும். சென்சாரின் ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி போகிறது, லீவர் அதை மறைக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் பிரிண்டருக்குத் தெரியும். ட்ரேயிலிருந்து தாளை இழுத்த பிறகு குறித்த நேரத்துக்குள் லீவர் சாயாவிட்டாலும் ஜாம், சாய்ந்த லீவர் குறித்த நேரத்துக்குள் நிமிராவிட்டாலும் ஜாம். தாள் கிளம்பவே இல்லையென்றாலும் பல மாடல்களில் அதே செய்திதான்.

அதனால் ஆன் செய்தவுடன், தாள் இழுக்கும் முன்பே செய்தி வந்தால் லீவர் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது சென்சாரின் வாயில் அழுக்கு. பிரிண்ட் கொடுத்து, ட்ரேயிலிருந்து தாளை இழுக்கும் ரோலர் இரண்டு மூன்று முறை சுற்றி முயன்று பார்த்துவிட்டுச் செய்தி வந்தால், தாள் ட்ரேயை விட்டு நகரவில்லை, ரோலரைச் சந்தேகப்பட வேண்டும். என்னுடையதில் இரண்டுமே இருந்தது, சில நாள் ஆன் செய்ததும் வரும், சில நாள் அச்சு கொடுத்தால்தான் வரும்.

அவர் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ஃப்யூசர் சூடு ஆறும்வரை காத்திருந்து, பின்மூடியைத் திறந்து தாள் வெளியேறும் இடத்திலுள்ள லீவரை விரலால் மெதுவாக அழுத்தினார். விட்டதும் டக்கென்று நிமிர வேண்டியது, பாதியில் நின்று சோம்பலாக ஏறியது. அது சுழலும் தண்டில் தாள்தூசியும் டோனரும் கலந்து சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் சுற்றியிருந்தது. காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் அதை எடுத்து, கேமராவுக்கு வைத்திருக்கிற ரப்பர் ஊதியால் சென்சார் இடுக்கில் இரண்டு முறை ஊதினார். வாயால் ஊதக் கூடாதாம், எச்சில் ஈரம் போய் ஒட்டும். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், டோனர் தூள் அதன் ஃபில்டரைத் தாண்டி வெளியே பறக்கும்.

இது முடிந்ததும் ஆன் செய்தபோது வரும் தொல்லை போனது. ஆனால் பிரிண்ட் கொடுத்தால் ரோலர் கீச்சென்று சுற்றியது, தாள் அசையவில்லை. உடனே அவர் அதே தாளை மேனுவல் ஃபீட் வாயில் ஒவ்வொன்றாகச் செருகிக் கொடுத்தார், எல்லாம் அழகாக அச்சாகி வந்தது. இதுதான் அருமையான சோதனை. பல சின்ன லேசர்களில் அந்த வாயில் செருகும் தாள் ட்ரேயின் ரோலரைத் தொடாது, ஆனால் அதற்கு அப்பால் அதே சென்சார்கள், அதே ஃப்யூசர் வழியாகத்தான் போகும். அந்த வழியில் ஒழுங்காக வந்தால் அப்பாலிருப்பவை நன்றாக இருக்கின்றன, கோளாறு ட்ரே பக்கம் மட்டும்தான்.

ட்ரேயை உருவி ரோலரைத் தொடச் சொன்னார். சொரசொரவென்று விரலைப் பிடிக்க வேண்டிய ரப்பர் கண்ணாடிபோல் பளபளத்தது. தாளில் பூசியிருக்கும் வெள்ளைத்தூள் ஏறி, ரப்பரும் காய்ந்து இறுகிவிடுகிறது. பஞ்சு பிரியாத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சுற்றித் துடைத்தார், துணியில் கறுப்பாக வந்தது, சில பக்கங்கள் ஓடின. “இது ரெண்டு மூணு நாள் தாங்கும் அக்கா, அப்புறம் வழுக்கும், மாத்திடலாம்” என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆசாமி அடித்துக் காட்டிய இரண்டு பக்கமும் அந்த வகைதான். ரோலர் முழுசாகத் தேயாத நிலையில், நல்ல புதுத்தாளை விசிறி வைத்தாலே இரண்டு பக்கம் வந்துவிடும்.

ஃப்யூசர் மாற்றியதாகச் சொன்னார்களே என்றேன். அவர் பதில் சொல்லாமல் பின்பக்கத்துத் திருகுகளை டார்ச்சில் காட்டினார். ஃப்யூசரை எடுக்க அவற்றைக் கழற்றியே ஆக வேண்டும். தலையில் ஸ்க்ரூடிரைவர் பட்ட கீறல் ஒன்றும் இல்லை, பள்ளத்தில் பழைய தூசி அப்படியே உறைந்து கிடந்தது. ஃப்யூசர் உண்மையிலேயே போனால் அச்சு விரலில் ஒட்டும், தாள் சுருங்கி மடிந்து வரும், அல்லது சூடு ஏறவில்லை என்று வேறு பிழை காட்டும். சில சமயம் அதன் படலம் கிழிந்து தாள் வெளியேறும் இடத்தில் நிஜமாகவே விசிறிபோல் மடிந்து சிக்கும். ஆனால் அப்போது தாள் கையில் கிடைக்கும், காணாமல் போகாது.

ரோலரும், அதன் எதிரில் இருந்து தாளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் செபரேஷன் பேடும் சேர்த்து நேரு பிளேஸில் 350 ரூபாய். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், ரோலரை மட்டும் மாற்றினால் தேய்ந்த பேட் இரண்டு மூன்று தாளைச் சேர்த்து விடும், அது நிஜ ஜாம். வாங்கும்போது மாடல் எண்ணைச் சொல்வதைவிடப் பழைய ரோலரைக் கையோடு கொண்டுபோவது நல்லது, ஒரே பெயரில் அகலம் மாறி வருகிறது.

யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால் எண்ணை பிரிண்டர் பெட்டியிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ எடுங்கள். பிரிண்டரை வீட்டைவிட்டு அனுப்பும்முன் திருகுத் தலைகளையும் உள்பக்கத்தையும் போட்டோ எடுத்துவையுங்கள். மாற்றிய பாகத்தின் பெயர் பில்லில் வேண்டும், பழைய பாகம் உங்கள் கையில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கே பாதிப்பேர் நழுவிவிடுவார்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், பில்லும் திருகு போட்டோவும் கொடுத்தாயிற்று. பணம் இதுவரை வரவில்லை, வந்தால் எழுதுகிறேன்.