எங்கள் பலகாரக் கடைக்கு ஃபிரான்சைஸ் ஆவணம் தயாரித்தவர்கள் செய்த வேலை: கிளை கொடுக்க நினைக்கும் கடைக்காரர்கள் கவனத்துக்கு

தருமபுரியில் 11 வருடமாகப் பலகாரக் கடை நடத்துகிறோம். கேழ்வரகு முறுக்கு, சாமை மிக்சர், தினை லட்டு இவைதான் எங்கள் சரக்கு. சமையல் என் மாமியார் கைப்பக்குவம். கல்லாவில் நான், கொள்முதலுக்கு என் வீட்டுக்காரர். கடை நன்றாக ஓடியதும் "உங்கள் பெயரில் எங்கள் ஊரிலும் கடை போடலாமா?" என்று பலர் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு ஃபிரான்சைஸ் கன்சல்டன்சி எங்களைத் தேடி வந்தது. கிளை எடுக்க வருபவர்களுக்குக் கொடுக்கும் ஆவணத்தைத் தயாரிக்க 1,80,000 ரூபாய் வாங்கினார்கள். அதுபோக, கிளை எடுப்பவர் கட்டும் ஃபிரான்சைஸ் கட்டணத்தில் 40 சதவீதமும் அவர்களுக்கு.

வழவழப்பான தாளில் 26 பக்கம் வந்தது. அதைப் பார்த்து எனக்கு அத்தனை சந்தோஷம். எங்கள் கடைப் படம், மாமியார் அடுப்புப் பக்கம் நிற்கும் படம் எல்லாம் அழகாக இருந்தன. உள்ளே எழுதியிருந்ததை நான் வரி வரியாகப் படிக்கவில்லை. என் பெயரில் வெளியே போகும் ஆவணம் அது. அதற்கு நான்தான் பொறுப்பு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதை நம்பி முதலில் வந்தவர் கிருஷ்ணகிரித் தம்பி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, வந்த பணத்தோடு சொந்த ஊர் திரும்பியவர். கடை திறந்து ஆறு மாதம் கழித்து ஒரு நோட்டுடன் வந்து உட்கார்ந்தார். "அக்கா, உங்கள் புத்தகத்தில் மாதம் 1,90,000 நிற்கும் என்று போட்டிருக்கிறது. எனக்குக் கையை விட்டுப் போகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்று இரவு இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 1,90,000 என்பது பொய்யான எண் அல்ல, எங்கள் கடையின் உண்மைக் கணக்குதான். மாதம் 6,00,000 விற்பனை. மாவு, எண்ணெய், வெல்லம் என்று சரக்குக்கு 3,00,000. நாலு ஆட்களுக்குச் சம்பளம் 64,000. கேஸ், கரண்ட், கவர் எல்லாம் 46,000. மீதி 1,90,000. ஆனால் எங்களுக்குக் கடை சொந்தக் கட்டடம், வாடகை கிடையாது. நான், வீட்டுக்காரர், மாமியார் மூன்று பேருக்கும் சம்பளம் கிடையாது. சரக்கை நாங்களே செய்வதால் எங்களுக்கு அடக்க விலை. இதில் ஒன்றுகூடக் கிளை எடுப்பவருக்குப் பொருந்தாது. கன்சல்டன்சிக்காரர்கள் எங்கள் லாபத்தை அப்படியே எடுத்து "கிளையின் மாத வருமானம்" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். முதலீடு 12 லட்சம், 7 மாதத்தில் போட்ட முதல் திரும்பும் என்று பக்கத்திலேயே ஒரு பட்டை வரைபடம்.

தம்பியின் ஆறாம் மாத நோட்டு இப்படி இருந்தது. விற்பனை 3,10,000. எங்களிடம் வாங்கும் சரக்கு, 100 ரூபாய் விற்பனைக்கு 68 ரூபாய் வீதம் 2,10,800. வாடகை 26,000. மூன்று ஆட்களுக்குச் சம்பளம் 39,000. கரண்ட், கவர், வண்டி வாடகை 17,000. எங்களுக்குக் கட்டும் ராயல்டி விற்பனையில் 5 சதவீதம் என்பதால் 15,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,790. மொத்தச் செலவு 3,11,090. மாதம் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு 1,090 ரூபாய் கையிலிருந்து போட்டிருக்கிறார்.

இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. 100 ரூபாய்க்கு விற்றால் சரக்குக்கும் ராயல்டிக்கும் வரிக்கும் போக அவர் கையில் நிற்பது 26 ரூபாய் 10 காசு. வாடகை, சம்பளம், இதரச் செலவு சேர்த்து மாதம் 82,000 எப்படியும் கட்டியாக வேண்டும். அப்படியானால் நட்டமில்லாமல் இருக்கவே சுமார் 3,14,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். மாதம் 30,000 வீட்டுக்கு எடுத்துப் போக சுமார் 4,30,000க்கு விற்க வேண்டும். ஃபிரான்சைஸ் ஆவணத்தில் முதலில் இருக்க வேண்டியது இந்த இரண்டு எண்கள்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். "எவ்வளவு லாபம் வரும்" என்பதை யாராலும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. "எவ்வளவு விற்றால் நட்டம் நிற்கும்" என்பதை நேர்மையாகச் சொல்ல முடியும். சொந்தக் கடைக் கணக்கைக் காட்டுவதாக இருந்தால், அந்தத் தெருவில் என்ன வாடகை போகிறதோ அதையும், வீட்டு ஆட்கள் செய்யும் வேலைக்கு வெளியாள் வைத்தால் ஆகும் சம்பளத்தையும் கழித்துவிட்டு, கழித்ததை எழுதியும் காட்ட வேண்டும்.

முதலீட்டுப் பக்கமும் இதே கதைதான். 12 லட்சத்தில் எங்கள் கட்டணம் 3 லட்சம், உள்வேலை, சாமான், முதல் சரக்கு எல்லாம் இருந்தன. கட்டணத்தின் மேல் வரும் ஜிஎஸ்டி 54,000 இல்லை. தம்பி ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர், அந்த வரியை அவரால் திரும்ப எடுக்க முடியாது. கட்டட உரிமையாளருக்குக் கொடுத்த பத்து மாத வாடகை அட்வான்ஸ் 2,60,000 இல்லை. கடை சூடு பிடிக்கும்வரை கையைக் கடிக்கும் மாதங்களுக்கு வைத்திருக்க வேண்டிய பணத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவர் கடன் வாங்கியதே இதற்காகத்தான். எந்தப் பணம், யாருக்கு, எப்போது, திரும்பி வருமா வராதா என்று ஒவ்வொரு தொகைக்கும் எழுதாத ஆவணம் அரைகுறை ஆவணம்.

அப்புறம்தான் 26 பக்கத்தையும் உட்கார்ந்து படித்தேன். 17ஆம் பக்கத்தில் கோழியை மசாலாவில் எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் கடையில் முட்டைகூடக் கிடையாது. வழக்கு வந்தால் நொய்டா நீதிமன்றத்தில்தான் நடத்த வேண்டும் என்று கடைசிப் பக்கம் சொன்னது. யாரோ ஒரு சிக்கன் கடைக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி எனக்கு 1,80,000க்கு விற்றிருக்கிறார்கள்.

அந்தக் காப்பியால் வந்த பெரிய கேடு வணிகச் சின்னத்தில் இருந்தது. கிளை எடுப்பவர் பணம் கொடுப்பதே நம் பெயருக்குத்தான். "பிராண்ட் பதிவு முடிந்துவிட்டது" என்று ஆவணத்தில் இருந்தது, லோகோவின் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் போட்டிருந்தார்கள். தருமபுரி வக்கீல் ஒருவர், வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் அரசின் IP India தளத்தில் எங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டுக் காட்டினார். Status என்ற இடத்தில் Objected என்று இருந்தது. எங்கள் பெயரைப் போலவே வேறு சின்னம் இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது. அது கிடைத்து ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி கன்சல்டன்சியுடையது என்பதால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை, அவர்களும் பதில் போடவில்லை. போதாக்குறைக்கு விண்ணப்பித்ததே 43ஆம் வகுப்பில், அது உணவகச் சேவைக்கானது. எங்களைப் போல முறுக்கு, மிக்சர் செய்து விற்பவர்களுக்குச் சரக்குக்கு 30ஆம் வகுப்பு, கடை நடத்துவதற்கு 35ஆம் வகுப்பு வேண்டும். தனிநபருக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். பதிவாகாத பெயருக்கு அந்த வட்டத்து ஆர் போடக் கூடாது, விண்ணப்ப நிலையில் டிஎம் என்றுதான் போடலாம். எனவே ஆவணத்தில் "பதிவு ஆகிவிட்டது" என்ற வார்த்தை போதாது. விண்ணப்ப எண், வகுப்பு, யார் பெயரில் இருக்கிறது, இன்றைய நிலை என்ன என்ற நான்கும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள்.

எல்லை விஷயம் இன்னொன்று. "கிருஷ்ணகிரி" என்று ஒரே சொல்தான் இருந்தது. நகரமா, தாலுகாவா, மாவட்டமா? கன்சல்டன்சிக்காரர்கள் அடுத்ததாகக் காவேரிப்பட்டணத்துக்கு ஓர் ஆளைக் கூட்டி வந்தார்கள். தம்பி கடைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நான் அந்த இரண்டாவது அட்வான்ஸ் செக்கை வாங்க மறுத்தபோதுதான் அவர்களுடைய பேச்சு மாறியது. கிளை விற்ற அன்றே அவர்களுக்கு 40 சதவீதம் வந்துவிடும், கடை ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? ஆவணம் எழுதுபவருக்கே விற்பனைக் கமிஷனும் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

"இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று சட்டமே இல்லை, எதை வேண்டுமானாலும் போடலாம்" என்று அவர்கள் சொன்னது பாதி உண்மை. அமெரிக்காவில் 23 தலைப்புகளில் விவரம் எழுதி, கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பே கொடுத்தாக வேண்டும். இங்கே அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. தவறான தகவலைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால், ஏமாந்தவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். தம்பி வழக்குப் போட்டிருந்தால் நான்தான் கூண்டில் நின்றிருப்பேன், கன்சல்டன்சி அல்ல. ஒப்பந்தத்தில் அவர்கள் பெயரே இல்லை.

கொடுத்த பணத்தைக் கேட்டுப் போனோம். "வேலை முடிந்துவிட்டது, ஆவணம் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், இன்றுவரை பதில் இல்லை. எங்கள் கடைப் படத்தை "வெற்றி பெற்ற பிராண்ட்" என்று போட்டு இப்போதும் சேலம் பக்கம் ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பிக்கு 3 லட்சம் கட்டணத்தைத் தவணையில் திருப்பிக் கொடுத்து வருகிறோம். ராயல்டியை நிறுத்திவிட்டு, சரக்கை 68க்குப் பதில் 63க்குக் கொடுக்கிறோம். அதே 3,10,000 விற்பனையில் இப்போது அவருக்கு 32,700 நிற்கிறது. வக்கீலோடு உட்கார்ந்து புது ஆவணம் எழுதினோம், மொத்தம் ஒன்பது பக்கம். எல்லையைத் தெருப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறோம். பிரிய நேர்ந்தால் மீதிச் சரக்கையும் டெபாசிட்டையும் எத்தனை நாளில் தீர்ப்பது என்று எழுதியிருக்கிறோம். கொடுத்த நாளிலிருந்து 14 நாள் கழியும்வரை யாரிடமும் ஒரு ரூபாய் அட்வான்ஸ் வாங்குவதில்லை. மூன்றாம் பக்கத்தில், தம்பியின் சம்மதத்தோடு, அவருடைய ஆறாம் மாத நோட்டுக் கணக்கும் அந்த 1,090 ரூபாய் நட்டமும் அப்படியே இருக்கின்றன.