கொட்டேஷனில் 1,46,000, பில்லில் 1,72,280: ஜன்னல் ஆர்டர் கொடுக்கும் முன் படியுங்கள்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீடு கட்டுகிற எங்களில் பலரும் சாமான் வாங்கப் பொள்ளாச்சிக்குத்தான் போவோம். கோபாலபுரம் தாண்டினால் ஆயிற்று. புது வீட்டுக்கு யுபிவிசி ஜன்னல் போட நானும் அங்கே ஒரு கடையில்தான் விலை கேட்டேன். கடைப் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மொத்தம் 210 சதுர அடி. சதுர அடிக்கு 650 ரூபாய் என்று 1,36,500, வண்டி வாடகையும் பொருத்துக் கூலியும் 9,500. கூட்டி 1,46,000 என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதே வாரம் பாலக்காட்டில் ஒரு கடைக்காரர் சதுர அடிக்கு 740 சொன்னார். வரி, வண்டி, கூலி எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார். 1,55,400 வந்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று நினைத்துப் பொள்ளாச்சிக் கடைக்கே 50,000 அட்வான்ஸ் கொடுத்தேன்.

ஜன்னல் எல்லாம் பொருத்தி முடித்த அன்று பில் வந்தது. 1,72,280. ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 26,280 ரூபாய் தனியாக ஏறியிருந்தது. கேட்டதற்குக் கடைக்காரர், "நீங்க கேரளாங்க சார், ஸ்டேட் விட்டு ஸ்டேட் வந்தா இந்த வரி வரத்தானே செய்யும்" என்றார். கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். அடியில், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: Taxes as applicable. எத்தனை சதவீதம், எத்தனை ரூபாய், மேலே உள்ள தொகைக்குள்ளா வெளியிலா, எதுவும் இல்லை.

எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் இந்த 'ஸ்டேட் விட்டு ஸ்டேட்' பேச்சை நம்பிவிடாதீர்கள். நான் பொள்ளாச்சிக்காரனாக இருந்திருந்தாலும் இதே 26,280தான். அப்போது அது மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டாகப் பிரிந்து பில்லில் நிற்கும். எல்லை தாண்டினால் இரண்டும் ஒன்றாகி ஐஜிஎஸ்டி 18 என்று வரும். பெயர்தான் மாறும், ரூபாய் மாறாது. ஜிஎஸ்டிக்கு முன்பு வாளையாரில் லாரிகள் வரிசையில் நின்ற காலத்து நினைப்பில் நாமும் தலையாட்டி விடுகிறோம்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. வண்டி வாடகைக்கும் கூலிக்கும் எதற்கு வரி என்று சண்டை போட்டேன். அதில் அவர் சொன்னது சரிதான். பொருளை விற்கிறவரே கொண்டுவந்து பொருத்தி அதற்கும் சேர்த்து வாங்கினால், அதையும் கூட்டித்தான் வரி போடுவார்கள். ஆகவே 1,36,500க்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் ஏமாறுவோம்.

கடைசியில், "பில் வேண்டாம்னா வரியை விட்டுடறேங்க" என்றார். வாரண்டி அட்டையில் பில் நம்பர் எழுதாமல் செல்லாது. பில்லே இல்லையென்றால் நாளைக்குப் பூட்டு கழன்றாலும் கேட்க வாயில்லை. முழுத் தொகையும் கட்டினேன். வீட்டுக்கு வாங்கியதால் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. பாலக்காட்டுக் கடையைவிட 16,880 கூடுதல். ஒன்பதாயிரம் மிச்சம் என்று நினைத்துப் போனவனுக்கு இது பெரிய அடி.

கடைப் பாக்கெட்டில் எம்ஆர்பி என்றால் எல்லா வரியும் உள்ளே. அந்தப் பழக்கத்தில்தான் கொட்டேஷனையும் படிக்கிறோம். அதனால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: வரிக்கு முந்திய தொகை, வரி எத்தனை சதவீதம் எத்தனை ரூபாய், கையில் தரவேண்டிய முடிவுத் தொகை. 'வரி உட்பட' என்று சொன்னாலும் பிரித்துக் கேளுங்கள். 1,46,000 வரி உட்பட என்றால் உள்ளே இருக்கும் வரி 22,271தான், 26,280 அல்ல. 118க்கு 18 என்று கணக்கிடவேண்டும், 100க்கு 18 என்றல்ல. ஜிஎஸ்டி நம்பரையும் பாருங்கள். 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. நம்பர் நடப்பில் இருக்கிறதா என்று ஜிஎஸ்டி தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

கடை வைத்திருக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'வரி தனி' என்று எழுதுவதில் தப்பில்லை. ஆனால் வரிக்கு முந்திய தொகையைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, வரியைப் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். எங்களுக்குத் தெரியவேண்டியது முடிவுத் தொகை.

போன வாரம் எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில், வாசல் கேட்டுக்கு ஒரு பட்டறையில் விலை கேட்டேன். 33,000 என்று எழுதினார். வரி உள்ளேயா வெளியேயா அண்ணா என்றதும், பேனாவை எடுத்துக் கீழே மத்திய வரி 2,970, மாநில வரி 2,970, மொத்தம் 38,940 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவரிடமே ஆர்டர் கொடுத்துவிட்டேன்.